ரூமில் வைத்த நகையைக் காணோம் என்று கெஸ்ட் சொன்னால்: லாட்ஜ் ரிசப்ஷனில் அடிக்கடி வரும் கேள்விகள்

கோபியிலும் திருப்பூரிலும் லாட்ஜ் ரிசப்ஷனில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். முகூர்த்த நாளில் பத்து ரூமும் ஒரே கல்யாணத்துக்குப் போகும். ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர், அத்தனை பேர் கழுத்திலும் கையிலும் நகை. மறுநாள் மத்தியானம் ஒரு போன் வரும். அந்தப் போனை எடுக்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் கேட்டவையே இங்கே இருக்கின்றன.

"வளையலைக் காணோம்னு போன்ல சொன்ன உடனே வாயில முதல்ல என்னங்க வரணும்?"

"சொல்லுங்க அக்கா, நான் எழுதிக்கிறேன்." இதுதான் முதலில் வரவேண்டும். அடுத்ததாக, "இப்பவே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்றேங்க. நாலு மணிக்குள்ள நானே இந்த நம்பருக்குக் கூப்பிட்டு, எதைப் பார்த்தோம், என்ன தெரிஞ்சதுன்னு சொல்றேன்." இரண்டு வாக்கியம் போதும்.

இதில் யார் எடுத்தது என்ற பேச்சே இல்லை. கிடைத்துவிடும் என்ற உறுதியும் இல்லை. கேட்டுக்கொண்டோம், இன்ன வேலை செய்யப் போகிறோம், இன்ன நேரத்துக்குப் பதில் வரும் என்பது மட்டும் இருக்கிறது. நேரம் சொல்லாமல் "பார்த்துட்டுச் சொல்றோம்" என்றால், அவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுத்து வேறு மாதிரி பதில் சொல்வார். அந்த முரண்பாடே பிறகு சந்தேகமாக வளரும்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். அவர் "திருடிட்டாங்க" என்றே சொன்னாலும், நாம் பேசும்போதும் எழுதும்போதும் "காணவில்லை" என்றே சொல்வோம். அவர் சொன்னதை மறுக்கத் தேவையில்லை. இப்போதைக்கு இரண்டு பேருக்கும் உறுதியாகத் தெரிந்தது, பொருள் கையில் இல்லை என்பது மட்டும்தான்.

"எங்க பசங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்கன்னு சொல்றது தப்பா? உண்மையைத்தானே சொல்றோம்?"

உங்களுக்கு அது உண்மையாகத் தெரியலாம். ஆனால் கேட்பவர் காதில் அது "அப்ப நீங்க பொய் சொல்றீங்க" என்றுதான் விழும். அவர் இன்னும் யாரையும் குறை சொல்லவில்லை, அதற்குள் நாம் பசங்களுக்குப் பரிந்து பேசினால், அவர் மனதில் இல்லாத சந்தேகத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

இதைவிட மோசமான பதில் ஒன்று உண்டு: "ரூம் கிளீன் பண்ணும்போது பார்த்தோம், ஒண்ணும் இல்லீங்க." யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டினார்கள், பெட்ஷீட் மாற்றினார்கள், அவ்வளவுதான். நகையைத் தேடும் கண்ணோடு யாரும் அந்த அறைக்குள் போகவில்லை. பிறகு அந்தப் பொருள் நம்மிடமே கிடைத்துவிட்டால், அந்த ஒரு வாக்கியத்தால் லாட்ஜே திருடியது போல ஆகிவிடும். கீழே ஒரு சம்பவம் சொல்கிறேன், அதில் அது நடக்க இருந்தது.

"நிறையக் கேள்வி கேட்டா, நம்மள சந்தேகப்படறாங்கன்னு கெஸ்ட் கோபப்பட மாட்டாங்களா?"

எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் கோபம் வராது. "எங்கே தேடணும்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேங்க" என்று ஆரம்பியுங்கள்.

கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். பொருளின் அடையாளம்: எத்தனை, என்ன மாதிரி வேலைப்பாடு, சுமார் எத்தனை பவுன். போட்டோ இருந்தால் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணப் போட்டோவில் கட்டாயம் இருக்கும். அப்புறம் "எங்கே வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "கடைசியா கண்ணால பார்த்தது எப்போ?" என்று தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு பதில் வரும். வைத்த இடத்தைச் சொல்பவர் பழக்கத்தை வைத்துச் சொல்வார். கண்ணால் பார்த்த நேரத்தைச் சொல்லும்போதுதான் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். அந்த நேரத்துக்கும் ரூமைக் காலி செய்த நேரத்துக்கும் இடையில் அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. "உங்க கூட வந்தவங்க யாராச்சும் எடுத்தாங்களா" என்று கேட்காதீர்கள். "உங்க கூட இருந்தவங்க யாராச்சும் பத்திரத்துக்கு எடுத்து வெச்சிருக்கலாமுங்களா, ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றால் யாருக்கும் வலிக்காது.

"பில் இருக்குங்களா?" என்று முதல் போனிலேயே கேட்க வேண்டாம். வழக்கு என்று வந்தால் போலீஸ் கேட்கும். நாம் கேட்டால், நகை இருந்ததையே நம்பவில்லை என்று ஆகிவிடும்.

"நாலு மணின்னு சொல்லியாச்சு. அதுக்குள்ள என்னென்ன செய்யறது? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

கோபியில் நான் இருந்த லாட்ஜில் நடந்ததையே வரிசையாகச் சொல்கிறேன். வைகாசி முகூர்த்தம். 204-ல் தங்கியிருந்தவர் மாப்பிள்ளையின் அக்கா, இணைச்சீர் செய்தவர். காலை 10:30-க்கு ரூமைக் காலி செய்தார்கள். பகல் 1:40-க்குத் தாராபுரத்திலிருந்து போன் வந்தது. இரண்டு வளையல், நாலு பவுன். ராத்திரி சீர் முடிந்து வந்து கழற்றி, பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் வைத்ததாகச் சொன்னார். கண்ணால் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்து, "ராத்திரி பதினொன்றரைக்குங்க. காலையில பார்த்த ஞாபகம் இல்லை" என்றார்.

அதற்குள் ரூமை சுத்தம் செய்தாகிவிட்டது. 12:50-க்கு வேறொரு குடும்பமும் அதில் வந்துவிட்டது. அழுக்குத் துணி மூட்டை 12 மணி வண்டியில் பெருந்துறை லாண்டரிக்குப் போய்விட்டது.

இந்த நிலையில் நிறையப் பேர் ரூமுக்குத்தான் ஓடுவார்கள். நான் முதலில் லாண்டரிக்குப் போன் போட்டேன். ரூம் அங்கேயேதான் இருக்கும். துணி அப்படி இல்லை, மிஷினில் போட்டுவிட்டால் எந்த உறைக்குள் எது இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். "கோபி மூட்டையை அவிழ்க்காதீங்க, மிஷின்ல போடாதீங்க, நான் ஆள் அனுப்பறேன்" என்று சொன்னேன். எங்கள் ஆள் ஒருவர் பைக்கில் கிளம்பினார்.

இரண்டாவதாக சிசிடிவி. பதிவுப் பெட்டி நிறைந்ததும் பழையதை அழித்து எழுதிக்கொண்டே போகும். டிஸ்க்கின் அளவையும் கேமரா எண்ணிக்கையையும் பொறுத்து, சில இடத்தில் ஒரு வாரத்திலேயே அழிந்துவிடும். அதனால் முதல் நாள் இரவு 11 மணியிலிருந்து அன்று பகல் 1 மணி வரை இரண்டாம் மாடி வராண்டா பதிவை பென்டிரைவில் எடுத்து வைத்தோம். எடுக்கும்போது பதிவுப் பெட்டி காட்டும் மணியையும் போன் காட்டும் மணியையும் ஒப்பிட்டு எழுதினோம். எங்கள் பெட்டி ஏழு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. இதைக் குறிக்காமல் விட்டால், சாவி நோட்டில் இருக்கும் நேரமும் கேமரா நேரமும் ஒத்துவராது. யாரோ ஒருவர் காரணமில்லாமல் மாட்டிக்கொள்வார்.

மூன்றாவதாகச் சாவி. எங்களுடையது சாதாரணப் பூட்டு: கெஸ்ட் சாவி, கிளீனிங் சாவி, எல்லா ரூமுக்கும் பொதுவான மாஸ்டர் சாவி. யார் எப்போது எடுத்தார்கள் என்று நோட்டில் இருந்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டோம், ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. கார்டு பூட்டு வைத்திருப்பவர்கள் அந்தப் பூட்டு எப்போது எந்தக் கார்டால் திறக்கப்பட்டது என்ற பதிவை எடுக்கலாம். ஆனால் அது கார்டைத்தான் சொல்லும், அதைப் பிடித்திருந்த கையைச் சொல்லாது. இதை மறந்து அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆளை முடிவு பண்ணக் கூடாது.

நான்காவதாகத்தான் ரூம். புதிதாக வந்தவர்களிடம், "முன்னாடி தங்கினவங்க ஒரு பொருளை மறந்துட்டாங்களோன்னு பார்க்கணுமுங்க. நீங்களும் கூடவே இருங்க, அஞ்சு நிமிஷம்" என்று கேட்டோம். சரி என்றார்கள். இரண்டு பேர் போய், அவர்கள் கண் முன்னாலேயே பார்த்தோம்: கண்ணாடித் தட்டு, கதவுக்குப் பின்னால் உள்ள கொக்கி, மெத்தைக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, அலமாரியின் மேல்தட்டு. அவர்களுடைய பெட்டியைத் தொடவில்லை. வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் வளைவுக் குழாயைக் கழற்றவில்லை, வளையல் அதற்குள் போகாது. மோதிரம், மூக்குத்தி, கம்மல் திருகாணி என்றால் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும், கீழே ஒரு வாளி வைத்துவிட்டு.

எதுவும் இல்லை. மணி 3:50. லாண்டரியிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை. சொன்னபடி நாலு மணிக்கு முன்னாடியே கூப்பிட்டேன். "இன்னும் கிடைக்கலீங்க அக்கா. ரூம்ல இன்ன இன்ன இடம் பார்த்தோம். துணி மூட்டை பெருந்துறைல இருக்குது, நம்ம ஆள் அங்கே பிரிச்சுப் பார்க்கறார். அஞ்சரைக்கு மறுபடி கூப்பிடறேன்." கையில் ஒன்றும் இல்லாதபோது செய்த அந்தப் போனால்தான் அவர் குரலில் இருந்த சூடு இறங்கியது.

4:15-க்குத் தகவல் வந்தது. அறுபது தலையணை உறைகளில் ஒன்றின் மூலையில், ஒரு கைக்குட்டையில் முடிச்சுப் போட்டு, இரண்டு வளையலும் இருந்தன. பாத்ரூமில் வைத்தது நிஜம். விடியற்காலை எழுந்த அப்பத்தா, தண்ணியில் கிடக்குதே என்று எடுத்து, தன் பழக்கப்படி தலையணை உறைக்குள் முடிந்து வைத்திருக்கிறார். பிறகு முகூர்த்தத்துக்கு முதல் காரில் ஏறிப் போய்விட்டார். அந்தக் கதையில் யாருமே பொய் சொல்லவில்லை. ஆனால் 1:40-க்கே எங்கள் ரிசப்ஷன் தம்பி "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தான். நான் பக்கத்தில் இருந்ததால் போனை வாங்கிவிட்டேன்.

"எழுத்துல பதில் கேக்கறாங்க. எழுதிக் கொடுத்தா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

செய்ததை எழுதினால் ஒத்துக்கொண்டதாகாது. முடிவை எழுதினால்தான் சிக்கல். "வருந்துகிறோம்" என்பதில் பிரச்சினை இல்லை, ஒருவருக்கு நகை காணவில்லை என்றால் வருத்தம்தானே. "எங்கள் தவறுக்கு மன்னிக்கவும்" என்பது வேறு, "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்பதும் வேறு. இரண்டுமே இன்னும் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கின்றன.

நான் அனுப்பும் மாதிரி இப்படித்தான் இருக்கும்:

"வணக்கம் அம்மா. 204-ஆம் அறையில் தங்கியிருந்த தாங்கள் இன்று பகல் 1:40-க்கு அழைத்து, இரண்டு தங்க வளையல்களைக் காணவில்லை என்று தெரிவித்தீர்கள். கடைசியாக நேற்றிரவு 11:30-க்குப் பார்த்ததாகச் சொன்னீர்கள். இது உங்களுக்கு எவ்வளவு மன வேதனை தரும் என்று புரிகிறது. இதுவரை நாங்கள் செய்தது: அறையை இரண்டு பேர் 2:30-க்குப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. சலவைக்குப் போன துணிகளை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வராண்டா கேமரா பதிவையும் சாவி நோட்டையும் பத்திரப்படுத்தியிருக்கிறோம். பொருள் எப்படிக் காணாமல் போனது என்று இப்போது எங்களால் சொல்ல முடியவில்லை. மாலை 5:30-க்கு மீண்டும் அழைக்கிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க விரும்பினால் எங்களிடம் உள்ள பதிவுகளை அவர்களிடம் ஒப்படைப்போம்."

"தாங்கள் தெரிவித்தீர்கள்" என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். "தாங்கள் கூறுவதாகக் கூறப்படும்" என்றெல்லாம் சுற்றி வளைத்தால் அதிலேயே அவநம்பிக்கை தெரியும். வேலை செய்தவர்களின் பெயரையும் எழுதவில்லை. அந்தப் பெயர் நம் உள் குறிப்பில் இருக்கும், போலீஸ் கேட்டால் கொடுப்போம். கெஸ்ட்டுக்குப் போகும் செய்தியில் ஒரு பெயர் போனால், ஊர் முழுக்கப் போன மாதிரிதான்.

"ரூம் சுத்தம் பண்ற அக்காதான் எடுத்தாங்க, பையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கன்னு நிக்கறாங்க."

செய்யாதீர்கள். ஒருவர் உடம்பையோ பையையோ சோதிக்கும் அதிகாரம் கெஸ்ட்டுக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்பது, ரூமில் பூட்டி வைப்பது, போனைப் பிடுங்குவது எல்லாம் நம்மேலேயே வழக்காகத் திரும்பும். அந்த அக்கா தானாகவே "என் பையைப் பாருங்க" என்று நீட்டினாலும், அழுதுகொண்டு நீட்டுவதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கெஸ்ட்டிடம் சொல்ல வேண்டியது: "அந்த ரூமுக்குள்ள யார் எப்போ போனாங்கன்னு நோட்டு இருக்குதுங்க, கேமராவும் இருக்குது. அதை எடுத்து வெச்சுட்டோம். ஒருத்தரைக் கைகாட்டற அளவுக்கு எங்ககிட்ட இப்ப எதுவும் இல்லீங்க. நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டேன்." அவர் சொன்னதை எழுதிக்கொண்டோம் என்பது முக்கியம். அதைக் காற்றில் விட்டால் கத்தல் கூடும்.

அந்த அக்காவிடம் தனியாக, இன்னொரு பெண்ணையும் வைத்துக்கொண்டு, "எப்போ உள்ளே போனீங்க, எதை முதல்ல எடுத்தீங்க, துணியை எங்கே போட்டீங்க" என்று வேலையைப் பற்றிக் கேளுங்கள். பாதி நேரம் பொருள் இருக்கும் இடம் அந்தப் பதிலில்தான் தெரியவரும். விசாரணை முடியும்வரை வேறு மாடியில் வேலை கொடுக்கலாம், ஆனால் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினால், அவர் திருடினார் என்று நாமே அறிவித்ததாகிவிடும்.

"கேமராவை இப்பவே காட்டுங்கன்னா?"

கெஸ்ட் முன்னால் ஓடவிட வேண்டாம். அந்த வராண்டாவில் வேறு குடும்பங்களும் நடந்திருப்பார்கள். பத்திரப்படுத்திவிட்டோம், போலீஸ் கேட்டால் உடனே கொடுப்போம் என்று சொல்லி, எடுத்த நேரத்தையும் சொல்லுங்கள். கோர்ட்டுக்குப் போகும் பதிவோடு சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழும் வேண்டும். அதனால் நகல் எடுத்தது யார், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

"'விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னு போர்டு மாட்டியிருக்குது. அதைச் சொன்னா போதாதா?"

முதல் பதிலில் அந்தப் போர்டைக் காட்டினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். சட்டத்திலும் அது நாம் நினைக்கும் அளவுக்குத் தாங்காது. 1998-ல் டெல்லியில் ஒரு ஓட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் திருடு போன வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பார்க்கிங் சீட்டில் எல்லாம் வண்டிக்காரர் பொறுப்பு என்று அச்சிட்டிருந்தார்கள். ஆனாலும், தன் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பிலிருந்து ஓட்டல் அந்தச் சீட்டை வைத்துத் தப்ப முடியாது, கவனமாக இருந்ததாக ஓட்டல்தான் காட்ட வேண்டும் என்றார்கள். அது ஓட்டல் கையில் சாவியோடு ஒப்படைத்த கார். ரூமுக்குள் தாமே வைத்துக்கொண்ட நகைக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கவுன்டரில் ரசீது போட்டு வாங்கி லாக்கரில் வைத்த பொருள் என்றால், கதை அந்தக் கார் மாதிரிதான்.

அதனால் போர்டைவிடச் சாவி நோட்டு ஒழுங்காக இருப்பது மேல்.

"போலீசுக்குப் போறேங்கறாங்க. தடுக்கறதா, விடறதா?"

தடுக்கவே கூடாது. மிரட்டலாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். "போங்க, பார்த்துக்கலாம்" என்பதும் ஒரு மாதிரி அலட்சியம்தான். எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள், ஒரு ஆளைத் துணைக்கு அனுப்புங்கள். பொருளுக்குச் சொந்தக்காரர்தான் புகார்தாரர், நாம் சாட்சி. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சம்பவம் நடந்த எல்லை எதுவானாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தாராபுரம் போய்ச் சேர்ந்தவரைத் திரும்பக் கோபிக்கு வரச் சொல்ல வேண்டியதில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் முதலில் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தால் அதன் எண்ணை நம் குறிப்பிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஏதாச்சும் பணம் கொடுத்து முடிச்சுக்கலாம்னு முதலாளி சொல்றாரு."

தெரியாத ஒன்றுக்குப் பணம் கொடுத்தால், எடுத்தோம் என்று ஒத்துக்கொண்டதாகக் கெஸ்ட் நினைப்பார். அவர் நேர்மையாகச் சொன்னவராக இருந்தால், வாயை அடைக்கக் கொடுக்கிறார்கள் என்று காயப்படுவார். நம் தவறு தெளிவாகத் தெரிந்தால் வேறு: பூட்டு கெட்டுப் போயிருந்து நாம் சரி செய்யவில்லை, மாஸ்டர் சாவி மேஜைமேல் கிடந்தது என்ற மாதிரி. அப்போது வக்கீலிடமும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிட்டு, எழுத்தில் கொடுங்கள். ரூம் வாடகையைத் தள்ளுபடி செய்வதையும் விசாரணை முடியும் முன் பேச வேண்டாம்.

"கடைசி வரைக்கும் கிடைக்கலைன்னா என்னன்னு சொல்லி முடிக்கறது?"

திருப்பூரில் ஒரு பனியன் வியாபாரி, பேன்ட் பாக்கெட்டில் வைத்த 18,000 ரூபாயைக் காணோம் என்றார். ரூம், துணி, கேமரா, நோட்டு எல்லாம் பார்த்தோம். அவர் வெளியே போயிருந்த 40 நிமிடத்தில் கிளீனிங் பையன் உள்ளே 12 நிமிடம் இருந்தான். ஒரு ரூமுக்கு ஆகும் நேரம்தான் அது. அவர் சாயப்பட்டறைக்கும் டீக்கடைக்கும் போய் வந்திருந்தார். எதை வைத்தும் முடிவுக்கு வர முடியவில்லை. புகார் கொடுத்தார், பதிவைக் கொடுத்தோம், அதுவும் ஒன்றும் காட்டவில்லை.

ஒன்பதாம் நாள் அவருக்கு எழுதினேன்: "நீங்கள் சொன்னதை நாங்கள் சந்தேகிக்கவில்லை. எங்கள் ஆட்களில் யாரும் எடுத்ததற்கான தடயமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பார்த்த இடங்களின் பட்டியலையும் நேரங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கேமரா பதிவை வழக்கு முடியும்வரை அழிக்க மாட்டோம். ரூமைத் தட்டிப்போட்டு வேலை செய்யும்போது ஏதாவது கிடைத்தால், எத்தனை மாதமானாலும் இந்த எண்ணுக்கு அழைப்பேன்." பணம் கிடைக்கவே இல்லை. அவர் பதில் எழுதவில்லை. நான்கு மாதம் கழித்து அடுத்த சரக்குக்கு வந்தபோது எங்களிடமே ரூம் போட்டார். சாவியை வாங்கும்போது, ஒரு கவரை நீட்டி, லாக்கரில் வைத்து ரசீது கொடுங்க தம்பி என்றார்.